கவனிக்கிறோம்

பேராசிரியர் வைத்தீஸ்வரன் கோபமாக இருக்கும்போது உட்கார்ந்து கடிதம் சொல்ல மாட்டார். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே நடந்துகொண்டே சொல்வார். 1996ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் அப்படித்தான் நடந்தார். ஆஞ்சலா ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்துக்கொண்டு, சுருக்கெழுத்தில் எழுதினாள்.

கட்டுரை தவளைகளைப் பற்றியது. பெங்களூருக்குக் கிழக்கே மாவினகெரே என்ற ஏரியில் மூன்று மழைக்காலம் தவளைகளின் சத்தத்தை டேப்பில் பதிவு செய்து, மழைதான் அவற்றைப் பாட வைக்கிறது என்று எழுதியிருந்தார்கள். பதிவு செய்தவள் வீணா, பேராசிரியரிடம் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்பவள். கட்டுரையை வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பியிருந்தார்கள். பத்திரிகை ஆசிரியர் வழக்கப்படி அதைப் பெயர் தெரியாத இரண்டு ரெஃபரிகளுக்கு அனுப்பி, அவர்கள் சொன்ன குறைகளைத் திருப்பி அனுப்பியிருந்தார். ஒவ்வொரு குறைக்கும் தனித்தனியாகப் பதில் எழுத வேண்டும். எந்தப் பக்கத்தில் எந்த வரியை மாற்றினோம் என்று காட்ட வேண்டும். மாற்றவில்லை என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும்.

முதல் ரெஃபரிக்கு மூன்று சின்னத் திருத்தங்கள்தான். இரண்டாவது ரெஃபரி இரண்டு பக்கம் எழுதியிருந்தார். அவருடைய ஐந்தாவது குறை இது: ‘மழை பெய்த மாலைகளில் மட்டுமே பதிவு செய்திருக்கிறீர்கள். மழை இல்லாத மாலைகளில் அதே ஏரியில் பதிவு செய்யாமல், மழைதான் காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும்? பருவம் காரணமாக இருக்கலாம், வெப்பம் காரணமாக இருக்கலாம். வறண்ட மாலைகளின் பதிவு அவசியம்.’

“எழுதிக்கோங்க,” என்றார் பேராசிரியர். அவர் சொன்ன ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: “ஐந்தாவது குறைக்குப் பதில். இது வேடிக்கையான கோரிக்கை. அந்த ஏரியைப் போன வருஷமே மண் கொட்டி மூடி, வீட்டுமனை போட்டாயிற்று. ரெஃபரிக்கு அவ்வளவு ஆசையாக இருந்தால் அங்கே ஓடும் லாரிகளின் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பி வைக்கிறோம். வறண்ட மாலையில் தவளை கத்தாது என்பது எங்கள் ஊர்க் குழந்தைக்குக்கூடத் தெரியும்.”

ஆஞ்சலாவின் பென்சில் ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது.

“ஸ்பெல்லிங், கிராமர் எல்லாம் பாத்து நாளைக்கு வைங்க. கையெழுத்துப் போட்டுடறேன்,” என்று சொல்லிவிட்டு அவர் வகுப்புக்குக் கிளம்பிப் போனார்.

ஆஞ்சலாவுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் வீடு. பதினோரு வருஷமாகப் பேராசிரியரின் கடிதங்களை டைப் அடிக்கிறாள். துறையில் உள்ள மற்ற ஊழியர்களைப் போல நிரந்தர வேலை இல்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் அவர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் அடுத்த வருஷத்துக்கு வேலை உண்டு. அவளுக்குத் தவளை தெரியாது. ஆனால் கடிதம் தெரியும். பேராசிரியர் சூடாகச் சொன்னதை அப்படியே அடித்து அனுப்பி, எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்கள் முகம் கொடுத்துப் பேசாமல் போனதை அவள் இரண்டு முறை பார்த்திருக்கிறாள். ஒரு முறை சுரேந்திரா என்ற மாணவனின் கட்டுரை ‘ஆசிரியர்களுக்கு விமர்சனத்தைக் கேட்கும் மனமில்லை’ என்ற ஒரே வரியோடு திரும்பி வந்தது. அந்தப் பையன் படிப்பை விட்டுவிட்டு எங்கேயோ மருந்து விற்கப் போய்விட்டான்.

இப்போது வீணா. ஜோகுபாளையத்துப் பெண். அப்பா முனியப்பன் ரயில்வேயில் கலாசி, கடைநிலைத் தொழிலாளி. அந்த வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். ஏற்றுக்கொள்ளப்பட்ட கட்டுரை ஒன்றாவது கையில் இல்லாமல் பேராசிரியர் யாருடைய ஆய்வேட்டையும் சமர்ப்பிக்க விடமாட்டார். வீணாவின் உதவித்தொகை மார்ச்சோடு முடிகிறது.

மறுநாள் காலை ஆஞ்சலா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அடிக்கத் தொடங்கினாள். முதலில் ஒரு சொல்லைத்தான் மாற்றினாள். ‘ரெஃபரி தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்’ என்பதை ‘நாங்கள் தெளிவாக எழுதவில்லை போலும்’ என்று ஆக்கினாள். அது நன்றாக இருந்தது. பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. கை அதன் போக்கில் போனது. ஐந்தாவது குறைக்கு வந்ததும் நின்றாள். வேடிக்கை, லாரி, குழந்தை எல்லாவற்றையும் எடுத்தாள். எடுத்த பிறகு அங்கே ஒன்றுமே மிச்சமில்லை. வெற்றிடமாக விடவும் முடியாது. மூன்று நிமிஷம் யோசித்துவிட்டு அடித்தாள்: ‘இந்த மதிப்புமிக்க ஆலோசனைக்கு மிக்க நன்றி. இதைக் கவனிக்கிறோம்.’

படித்துப் பார்த்தாள். மரியாதையாக இருந்தது. யாரையும் குத்தவில்லை.

மாலையில் கையெழுத்துக் கோப்பில் ஒன்பது கடிதங்களோடு அதையும் வைத்தாள். பேராசிரியர் போன் பேசிக்கொண்டே ஒவ்வொன்றாகத் திருப்பிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும்தான் பார்த்தார். ஆஞ்சலா மேஜைக்கு எதிரே நின்றிருந்தாள். ‘சார், கொஞ்சம் மாத்தியிருக்கேன்’ என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் போனில் யாரிடமோ சிரித்தார். அவள் கோப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

கடிதமும் திருத்திய கட்டுரையின் மூன்று பிரதிகளும் ஏர்மெயிலில் போயின.

அக்டோபர் பதினான்காம் தேதி, திங்கட்கிழமை, பதில் வந்தது. தபால்களைப் பிரித்து முத்திரை குத்தி வைப்பது ஆஞ்சலாவின் வேலை. பத்திரிகையின் உறையைப் பார்த்ததும் மனசுக்குள் ஒரு ஜெபம் சொல்லிக்கொண்டு பிரித்தாள். கடிதம் நீளமாக இல்லை. ஆசிரியர் மிகவும் அன்பாக எழுதியிருந்தார். ‘இவ்வளவு பண்பான பதிலுக்கு நன்றி. முதல் ரெஃபரிக்கு முழுத் திருப்தி. இரண்டாவது ரெஃபரி கேட்டபடி, அதே ஏரியில் வறண்ட மாலைகளில் பதிவு செய்ய நீங்கள் ஒப்புக்கொண்டிருப்பதில் மகிழ்ச்சி. அதைச் செய்து முடிக்கும்வரை கட்டுரையை நிறுத்தி வைக்கிறேன். தொண்ணூறு நாள் போதுமா?’

அவள் இரண்டாம் முறை படித்தாள். நாம் எப்போது ஒப்புக்கொண்டோம்?

பிறகு புரிந்தது. கார்ப்பரேஷன் ஆபீஸில் மனு கொடுத்தால் ‘கவனிக்கிறோம் போங்க’ என்பார்கள். பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் ‘பார்த்துச் சொல்றோம்’ என்பார்கள். அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் என்ன அர்த்தம் என்று ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். கடல் தாண்டி உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியவில்லை. அவர் அதைக் கொடுத்த வாக்காகவே எடுத்துக்கொண்டார்.

ஆஞ்சலா கடிதத்தை மடித்தாள். வாசலில் காலடி கேட்டது. கடிதத்தை மேஜை டிராயரில் கார்பன் தாள் பெட்டிக்கு அடியில் தள்ளிச் சாத்தினாள். வந்தவர் பியூன் நாணு. “ஏன் மேடம், மொகம் ஒருமாதிரி இருக்கு? ஜொரமா?” என்றார். “ஒண்ணுமில்ல நாணு,” என்றாள்.

அன்று அதை எடுத்துக் கொடுக்கவில்லை. மறுநாளும் இல்லை. பதினோரு வருஷத்தில் ஒரு தபாலைக்கூட அவள் ஒளித்ததில்லை. இப்போது பேராசிரியர் அறையிலிருந்து மணி அடித்தால், டிராயர் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள். அவர் “தவளைப் பேப்பர் விஷயமா ஏதாவது வந்துதா?” என்று புதன்கிழமை கேட்டார். “இன்னும் இல்ல சார்,” என்று அவள் வாய் சொன்னது. சொன்ன பிறகு தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்து, ஒரே வரியில் நான்கு பிழை அடித்தாள்.

வீட்டில் அவள் கணவர் ஓஸ்வால்ட் சாப்பிட்டுக்கொண்டே அவளைப் பார்த்தார். “என்ன ஆச்சு உனக்கு? மூணு நாளா கொழம்புல உப்பே இல்ல.”

அவள் சொன்னாள். முழுவதையும் சொன்னாள். ஓஸ்வால்ட் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“அவர் சொன்னத மாத்தி அவர் பேர்ல அனுப்பிட்டியா?”

“நல்லதுக்குத்தான செஞ்சேன்.”

“அது இருக்கட்டும். டிசம்பர் வருதே, ஆஞ்சலா.”

அதைத்தான் அவளும் மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் பேராசிரியர் இல்லாத நேரத்தில் ஆகஸ்ட் மாதத்துச் சுருக்கெழுத்து நோட்டை எடுத்துப் பார்த்தாள். ஐந்தாவது பதிலைக் கண்டுபிடித்து விரல் வைத்துப் படித்தாள். வேடிக்கையான கோரிக்கை. அதை எடுத்தது சரிதான். லாரிச் சத்தம். அதுவும் சரி. நடுவில் இருந்தது இன்னொரு வரி: ‘அந்த ஏரியைப் போன வருஷமே மண் கொட்டி மூடி, வீட்டுமனை போட்டாயிற்று.’

அவளுக்குப் பகீரென்றது. அது கோபமில்லை, அது செய்தி. அந்த ரெஃபரிக்குத் தெரிந்திருக்க வேண்டியது அந்த ஒரு வரிதான். அவள் கோபத்தைத் துடைத்தபோது உண்மையையும் சேர்த்துத் துடைத்துவிட்டாள்.

வீணாவைத் தேடிப் போனாள். அவள் பரிசோதனைக் கூடத்தின் கோடியில் காதில் ஹெட்ஃபோனோடு டேப் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“வீணா, ஒரு நிமிஷம் வெளிய வா.”

“என்ன ஆண்ட்டி? லெட்டர் வந்துடுச்சா?” வீணாவின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்க்க ஆஞ்சலாவால் முடியவில்லை. மாடிப்படியின் கீழே நின்று, கடிதத்தை அவள் கையில் கொடுத்தாள். நடந்ததைச் சொன்னாள்.

வீணா இரண்டு முறை படித்தாள்.

“அய்யோ ஆண்ட்டி. அங்க இப்ப தண்ணியே இல்லயே. சைட்டு கல்லு நட்டுட்டாங்க. நான் எங்க போயி ரெக்கார்ட் பண்றது?”

“தெரியும்மா. அந்த வரிய நான்தான் எடுத்துட்டேன்.”

“எதுக்கு எடுத்தீங்க? உங்கள யாரு கேட்டா?” குரல் உயர்ந்தது. பிறகு யாராவது கேட்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தாள். படியில் உட்கார்ந்தாள். மெல்லிய குரலில் சொன்னாள்: “ஆண்ட்டி, ஒண்ணு பண்ணலாம். ஹொசகோட்டே பக்கத்துல இன்னொரு ஏரி இருக்கு. அதே தவள அங்கயும் இருக்கு. நாலு நாள் போயி மழ இல்லாத சாயங்காலமா ரெக்கார்ட் பண்ணிட்டு வந்துடறேன். அவங்களுக்கு எந்த ஏரின்னு தெரியவா போவுது? சாருக்கும் சொல்ல வேணாம். நீங்க லெட்டர் அடிச்சு கோப்புல வச்சுடுங்க. அவரு பாக்காமத்தான கையெழுத்து போடறாரு?”

ஆஞ்சலா அந்தப் பெண்ணைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகூட வந்து டேப் கேட்கும் பெண். ஒரு தவளையின் சத்தத்தை இன்னொன்றோடு குழப்பிவிடக் கூடாதே என்று பத்து முறை திருப்பிக் கேட்கும் பெண். அவள் வாயிலிருந்து இது வருகிறது. அதற்கு வழி காட்டியது யார்? ‘நீங்க அடிச்சு கோப்புல வச்சுடுங்க.’ அந்த வழியில் முதலில் நடந்தது தான் அல்லவா?

நான்கு நாளாக அவளைப் பிடித்திருந்த பயம் வேலையைப் பற்றியது. இப்போது வந்தது வேறு பயம். இந்தப் பெண்ணும் தன்னைப் போல ஆகிவிடுவாளோ என்ற பயம்.

“வேணாம் வீணா,” என்றாள். “நான் சார்கிட்ட போறேன்.”

“அவரு உங்கள உண்டு இல்லன்னு பண்ணிடுவாரு ஆண்ட்டி.”

“தெரியும்.”

சொல்லிவிட்டாளே தவிர, உடனே போகவில்லை. கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவினாள். கண்ணாடியில் தன்னையே பார்த்தாள். திரும்பி வந்து நோட்டையும் கடிதத்தையும் அனுப்பிய பதிலின் நகலையும் எடுத்துக்கொண்டு, பேராசிரியர் அறைக் கதவைத் தட்டினாள். வீணா கொஞ்ச தூரம் தள்ளிப் பின்னாலேயே வந்தாள்.

பேராசிரியர் ஆசிரியரின் கடிதத்தை வாங்கிப் படித்தார். புருவம் நெரிந்தது. “என்ன உளர்றார் இவர்? நான் எப்ப ஒத்துண்டேன்?”

“நான் மாத்திட்டேன் சார்.” ஆஞ்சலாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னாள். “நீங்க சொன்னத நான் மாத்தி அடிச்சேன். இந்த லெட்டர் வந்து நாலு நாள் ஆச்சு. நான்தான் ஒளிச்சு வச்சேன்.”

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை. கையை நீட்டினார். அவள் நகலைக் கொடுத்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். நான்கு பக்கம். ஒவ்வொரு பக்கத்தையும் திருப்பும்போது தாள் சரசரத்தது. மேலே மின்விசிறி கிறீச்சிட்டது. ஆஞ்சலா சேலைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். வீணா கதவோரத்தில் சுவரோடு ஒட்டி நின்றாள்.

“இப்ப நான் சொன்னதப் படிங்க,” என்றார்.

அவள் சுருக்கெழுத்து நோட்டைப் பிரித்துப் படித்தாள். அவர் அன்று சொன்னது எல்லாம், அதே சூட்டோடு, அவளுடைய மெல்லிய குரலில் வந்தது. லாரி வரிக்கு வந்தபோது தயங்கினாள். “நிறுத்தாதீங்க,” என்றார். படித்து முடித்தாள்.

பேராசிரியர் நகலையும் கடிதத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார்.

“என் கையெழுத்துக்கு மேல உங்க வார்த்த,” என்றார் கடைசியில். “பதினோரு வருஷமா கண்ண மூடிண்டு போட்டேன் பாருங்க. இந்த மாதிரி எத்தன?”

“இது ஒண்ணுதான் சார். சத்தியமா இது ஒண்ணுதான்.”

“நான் எப்படி நம்பறது?”

அவள் நோட்டை மூடினாள். கண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவும் பயமாக இருந்தது.

“உங்க விஷயத்த அப்பறம் பேசலாம்,” என்றார். “மொதல்ல இவருக்குப் பதில் போகணும். உக்காருங்க. வீணா, நீயும் உள்ள வா.”

மூன்று பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பேராசிரியர் பேனாவை மூடித் திறந்துகொண்டு சொன்னார்: “‘எங்கள் அலுவலகத்தில் நேர்ந்த பிழையால்...’” பாதியில் நிறுத்திவிட்டு, தலையை ஆட்டினார். “வேண்டாம். கையெழுத்து என்னுது. ‘என் முந்தைய கடிதம் தெளிவாக இல்லை. அதற்கு வருந்துகிறேன். நீங்கள் கேட்ட பதிவை எங்களால் செய்ய முடியாது. காரணம், மாவினகெரே ஏரி 1995ஆம் ஆண்டு மூடப்பட்டுவிட்டது.’ எழுதினீங்களா?”

“எழுதிட்டேன் சார்.”

“அடுத்து. ‘மேலும், வறண்ட மாலைகளில் இந்தத் தவளை பாடுவதில்லை என்பது எல்லோரும் அறிந்ததே.’”

ஆஞ்சலா எழுதினாள். ஆனால் நிமிர்ந்து வீணாவைப் பார்த்தாள். வீணா கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். கை, மடியிலிருந்த சின்ன நோட்டின் ஓரத்தைக் கசக்கிக்கொண்டிருந்தது.

“என்னம்மா?” என்றார் பேராசிரியர்.

“சார், நான் வறண்ட நாள்லயும் போயிருக்கேன். மெஷின் ஆன் பண்ணல. டேப்ப மழ நாளுக்குன்னு மிச்சம் புடிச்சேன். ஆனா ஃபீல்ட் நோட்டுல எழுதி வச்சிருக்கேன்.”

“எத்தன நாள்?”

“பதினொண்ணு சார்.”

“அதெல்லாம் டேட்டா இல்லன்னு அப்பவே சொன்னேனே. பதிவு இல்லாம எப்படி? சரி, என்ன எழுதியிருக்கே? சத்தம் இல்லன்னுதானே?”

வீணா நோட்டைப் பிரித்தாள். பக்கத்தைக் காட்டினாள். “ஒம்பது நாள் இல்ல சார். ரெண்டு நாள் இருந்துச்சு. கொஞ்சமாத்தான். மூணு நாலு ஆண் தவள கத்துச்சு.”

பேராசிரியர் நோட்டை வாங்கிக்கொண்டார். இரண்டு நாள். எல்லோரும் அறிந்ததே என்று அவர் இப்போதுதான் சொல்லியிருந்தார். ஆஞ்சலாவுக்குத் தவளையைப் பற்றி ஒன்றும் தெரியாதுதான். ஆனால் இந்த இரண்டு நாள் எவ்வளவு பெரிய விஷயம் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

“இத எழுதினா தலைப்பே நிக்காது,” என்றார். தனக்குத்தானே சொல்வதுபோல. “மூணு வருஷ வேல.”

ஆஞ்சலாவுக்கு ஒன்று சொல்லத் தோன்றியது. இனி இந்த அறையில் வாய் திறக்கத் தனக்கு என்ன உரிமை என்றும் தோன்றியது. பென்சிலை இறுகப் பிடித்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: “சார், நான் ஒரு வரிய எடுத்ததாலதான் இவ்வளவும். இந்த ரெண்டு நாளையும் எடுத்துட்டா...”

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை. அவ்வளவுதான், இன்றோடு வீட்டுக்குப் போ என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தாள்.

“எழுதுங்க,” என்றார்.

அதன்பிறகு இரண்டு மணி நேரம் அந்த ஒரே பதிலை எழுதினார்கள். பேராசிரியர் ஒரு வாக்கியம் சொல்வார். ஆஞ்சலா திருப்பிப் படிப்பாள். ‘துரதிர்ஷ்டவசமாக’ என்று ஆரம்பித்ததை அடித்தார்; அது அனுதாபம் கேட்பதாக இருந்தது. ‘ரெஃபரி சுட்டிக்காட்டியது முற்றிலும் சரி, இந்தக் கூர்மையான பார்வைக்குத் தலைவணங்குகிறோம்’ என்று வீணா சொல்லிப் பார்த்தாள். “காலில விழற மாதிரி இருக்கு. ‘ரெஃபரி சொல்வது சரி’. அது போதும்,” என்றார். ‘இருந்தாலும்’ என்று மூன்று இடத்தில் வந்தது. ஆஞ்சலா படிக்கும்போது மூன்றாவது இடத்தில் அவரே கையை உயர்த்தினார். “எதுக்கு இத்தன இருந்தாலும்? சண்டைக்கு நிக்கற மாதிரி. எடுங்க. ஒண்ணு மட்டும் போதும்.” ஒரு இடத்தில் ‘சில வறண்ட மாலைகளில்’ என்று அவர் சொன்னபோது வீணா மெதுவாக, “பதினொண்ணு சார்,” என்றாள். “பதினொண்ணு,” என்று மாற்றினார்.

முடிவில் பதில் இப்படி நின்றது: ‘ரெஃபரி சொல்வது சரி. வறண்ட மாலைகளின் பதிவு எங்களிடம் இல்லை. ஏரி 1995இல் மூடப்பட்டதால் இனி அதைப் பெறவும் முடியாது. முந்தைய கடிதத்தில் இதைச் சொல்லாமல் விட்டது எங்கள் தவறு. எங்கள் ஆய்வாளர் பதினொரு வறண்ட மாலைகளில் ஏரிக்குச் சென்று, பதிவு செய்யாமல், காதால் கேட்டதைக் குறித்திருக்கிறார். ஒன்பது மாலைகளில் சத்தம் இல்லை. இரண்டில் மூன்று அல்லது நான்கு ஆண் தவளைகள் பாடின. இக்குறிப்புகளை, அவற்றின் குறையோடு, ஆறாம் பக்கத்தில் சேர்த்திருக்கிறோம். மழைதான் காரணம் என்ற முடிவை நீக்கிவிட்டோம். இந்த ஏரியில் மழைக்குப் பிந்திய மாலைகளில் பாடல் மிகுந்திருந்தது என்று மட்டும் சொல்கிறோம். தலைப்பையும் அதற்கேற்ப மாற்றியிருக்கிறோம்.’

பேராசிரியர் அதை வாங்கி ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். கையெழுத்துப் போடுவதற்கு முன் மீண்டும் ஒரு முறை முதலிலிருந்து படித்தார். ஆஞ்சலாவின் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகு வந்த ஏழு வாரங்களை ஆஞ்சலா பிற்பாடு நினைத்துப் பார்க்கவே விரும்பியதில்லை. பேராசிரியர் ஒவ்வொரு கடிதத்தையும் அவளை எதிரே நிற்க வைத்து, சத்தமாகப் படிக்கச் சொன்னார். இரண்டு வரியில் ஒரு விடுப்புக் கடிதமானாலும் சரி. தான் சொன்னதைக் குறித்துவைத்த நோட்டை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு அவர் சரிபார்த்தார். கடுமையாக ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு அதிகப் பயமாக இருந்தது. மணி அடித்தபோதெல்லாம் எழுந்து போகும்போது, இதுதான் கடைசி முறை என்று நினைத்துக்கொண்டே போனாள். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பூசையின்போது முழங்காலிட்டால், ஜெபம் வராமல் டிசம்பர் முப்பத்தொன்று என்ற தேதிதான் வந்தது. ஓஸ்வால்ட் செய்தித்தாளில் ஸ்டெனோ வேலை விளம்பரங்களைப் பென்சிலால் வட்டமிட்டு, எதுவும் சொல்லாமல் அவள் தலையணை அருகே வைத்தார். எல்லாவற்றிலும் முப்பத்தைந்து வயதுக்குள் என்று போட்டிருந்தது.

டிசம்பர் ஐந்தாம் தேதி பத்திரிகையின் உறை வந்தது. ஆஞ்சலா அதைப் பிரிக்கவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு போய் பேராசிரியர் மேஜையில் வைத்தாள்.

“பிரிங்க. படிங்க,” என்றார்.

உறையைக் கிழிக்கும்போது உள்ளே இருந்த தாளின் ஓரமும் கொஞ்சம் கிழிந்தது. கட்டுரை ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று ஆசிரியர் எழுதியிருந்தார். கூடவே இரண்டாவது ரெஃபரியின் குறிப்பு ஒன்று: ‘ஏரி இல்லாமல் போனது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டேன். அந்த இரண்டு மாலைகளைச் சேர்த்தது நல்லது. ஏரி மூடப்பட்டதைக் கட்டுரையிலும் ஒரு வரி எழுதுங்கள். இந்தப் பதிவுகள் இப்போது அந்த இடத்தைப் பற்றி மிஞ்சியிருக்கும் ஒரே பதிவாக இருக்கலாம்.’

பேராசிரியர் அதைக் கேட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “வீணாவக் கூப்பிடுங்க,” என்றார்.

வீணா அன்று பரிசோதனைக் கூடத்தில் எல்லோருக்கும் பேடா வாங்கிக் கொடுத்தாள். ஆஞ்சலாவுக்கு இரண்டு வைத்தாள். “உங்ககிட்ட அன்னிக்கு கத்திட்டேன் ஆண்ட்டி,” என்றாள். ஆஞ்சலா அவள் கன்னத்தைத் தொட்டாள். பேடாவைச் சாப்பிட முடியவில்லை. கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள்.

அவளுடைய தாள் டிசம்பர் முப்பதாம் தேதி மாலை நான்கரைக்கு வந்தது. நாணுதான் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். கையிலிருந்த கடிதத்தை அடித்து முடித்தாள். பிறகு பிரித்தாள். இன்னும் ஒரு வருஷம் வேலை. ஆனால் பேராசிரியரின் அலுவலகத்தில் இல்லை. நூலகத்தில், புத்தகப் பட்டியல் அட்டைகள் எழுதும் பிரிவில். அடியில் அவருடைய கையெழுத்து.

அவள் அறைக் கதவு வரை போனாள். அவர் ஏதோ படித்துக்கொண்டிருந்தார்.

“தேங்க்ஸ் சார்.”

அவர் நிமிர்ந்தார். “நூலகத்துல உங்களுக்குக் கஷ்டமா இருக்காது,” என்றார். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தவர்போல, “நான் சொன்னத அப்படியே அனுப்பியிருந்தா, அந்தப் பொண்ணு பேப்பர் அன்னிக்கே செத்திருக்கும். அது எனக்குத் தெரியும். ஆனா உங்கள இங்க வச்சுக்க முடியாது, ஆஞ்சலா. ஒவ்வொரு வரியையும் சந்தேகப்பட்டுண்டே என்னால வேல செய்ய முடியல,” என்றார்.

“புரியுது சார்,” என்றாள்.

புரிந்துதான் இருந்தது. தன் டிராயரைக் காலி செய்து, பென்சில்களையும் மாதா படத்தையும் பையில் போட்டுக்கொண்டு, சுருக்கெழுத்து நோட்டுகளை மட்டும் வரிசையாக அலமாரியில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். சிவாஜிநகர் பஸ் கூட்டமாக வந்தது. ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டரை மாதத்தில் முதல் தடவையாகப் பசித்தது.